48 பிள்ளைகள், 3 பந்துகள்: நெரிசலான மைதானத்தில் ஒரு விளையாட்டுப் பாடவேளை

உசிலம்பட்டிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தபோது என் கையில் இருந்தவை 3 பந்துகளும் ஒரு விசிலும்தான். பொருள் வைக்கத் தனி அறை கிடையாது. 8ஆம் வகுப்பில் 48 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை வெளியே அழைத்து வந்தால் அதே நேரத்தில் 6ஆம் வகுப்பும் 10ஆம் வகுப்பும் மைதானத்தில் இருக்கும். முதல் வாரம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். 12 பேரை வாலிபால் ஆட விட்டு, மற்ற 36 பேரை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். ஆடிய 12 பேரிலும் பின்வரிசை மூலையில் நின்ற ஒரு பெண்ணை மட்டும் கவனித்துக்கொண்டே இருந்தேன். 25 நிமிடங்களில் அந்தப் பிள்ளையின் கையில் பந்து இரண்டு முறைதான் பட்டது. ஆட்டத்தில் இருந்தவளுக்கே இவ்வளவு என்றால் மரத்தடியில் இருந்தவர்களுக்கு அன்று பாடமே நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு பந்துகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்கு எத்தனை முறை வாய்ப்பு வருகிறது என்று எண்ணத் தொடங்கினேன். கீழே இருப்பது அப்படி எண்ணி எண்ணித் திருத்திய ஒரே ஒரு பாடவேளையின் முழு ஏற்பாடு: 40 நிமிடங்கள், 48 பிள்ளைகள், 3 பந்துகள், 30 மீட்டருக்கு 20 மீட்டர் இடம். உங்கள் பள்ளியின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். அப்போது எதை எப்படி மாற்றுவது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

மைதானத்தை உங்கள் பாடவேளை நேரத்தில் நடந்து பாருங்கள்

காலை எட்டரை மணிக்குப் பார்த்த மைதானமும் பகல் பதினொன்றரை மணிக்கு உள்ள மைதானமும் ஒன்றல்ல. நிழல் இடம் மாறியிருக்கும்; மற்ற வகுப்புகள் வந்திருக்கும்; சத்துணவுக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டு போகிறவர்கள் குறுக்கே நடப்பார்கள். ஆகவே உங்களுக்குப் பாடவேளை உள்ள அதே நேரத்தில், பிள்ளைகள் இல்லாமல் ஒருமுறை சுற்றி வாருங்கள். மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். மற்ற வகுப்பின் பந்து எந்தத் திசையில் பறக்கிறது, முள் எங்கே கிடக்கிறது, சுவர் எங்கே இருக்கிறது.

பெரிய பிள்ளைகள் கால்பந்து ஆடும் பக்கமாக இருந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள இடம் காலியாகத் தெரியும். அந்த இடம் வேண்டவே வேண்டாம். தவறிய உதை எல்லாம் அங்கேதான் வந்து விழும். கோல்களுக்கு நடுவே பக்கவாட்டில் உள்ள ஓரம் அதைவிடக் குறுகலாக இருந்தாலும் பாதுகாப்பானது. அந்த நேரத்தில் மைதானத்துக்கு வரும் மற்ற ஆசிரியர்களிடம் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு எந்தப் பக்கம் என்று பேசி முடித்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விசில் ஊதினால் இரண்டு வகுப்பும் நின்றுவிடும். அவர் விசில் என்றால் நீங்கள் கைதட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை கைதட்டுவேன்; கேட்டவர்கள் தாங்களும் தட்டிக்கொண்டே நிற்பார்கள்; நான்கு விநாடிகளில் எல்லோரும் நின்றுவிடுவார்கள்.

முள்ளை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. வேலியோரச் சீமைக்கருவேலத்தின் முள் காற்றிலும் ஆடுமாடுகளின் காலிலும் மைதானத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். மழைக்குப் பிறகு மஞ்சள் பூவோடு படரும் நெருஞ்சியைக் காய் பிடிக்கும் முன்பே வேரோடு எடுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு எடுத்தால் முள் மண்ணில் உதிர்ந்து தங்கிவிடும். செருப்பில்லாமல் வரும் பிள்ளைகள் பலர் என்பதால் இந்த வேலை பந்துக்காக மட்டும் செய்கிற வேலை அல்ல. வாரத்தில் முதல் பாடவேளையின் முதல் மூன்று நிமிடங்களில் பிள்ளைகளை ஒரே வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்தபடி இடத்தைக் கடக்கச் செய்தால் முள், கண்ணாடித் துண்டு, கூழாங்கல் எல்லாம் வந்துவிடும். முள்ளை அங்கேயே ஓரத்தில் எறிய விடாமல் ஒரு டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவரைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் நான் தொடரோட்டத்துக்குக் கோடு போடச் சோம்பி, "சுற்றுச்சுவரைத் தொட்டுவிட்டு வாருங்கள்" என்று சொன்னேன். வேகமாக ஓடி வந்த ஒரு பையனால் நிற்க முடியவில்லை, கையை ஊன்றினான், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓடும் பிள்ளை எல்லைக்கு முன்பு வேகத்தைக் குறைப்பதில்லை, எல்லையைத் தாண்டிய பிறகுதான் குறைக்கும். சுவரோ மரமோ குழாயோ எதுவானாலும் அதற்கு 5 மீட்டர் முன்பே உங்கள் கடைசிக் கோடு முடிய வேண்டும். இடம் போதவில்லை என்றால் கட்டத்தைச் சிறியதாக்குங்கள். இந்த 5 மீட்டரில் கை வைக்காதீர்கள்.

ஒரு கயிறும் ஆறு கட்டங்களும்

அளவு நாடா தேவையில்லை. 12 மீட்டர் தேங்காய் நார்க் கயிறு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டால் கயிறு குறையும் என்பதால் அரை மீட்டர் கூடுதலாக வாங்கி, ஒவ்வொரு முடிச்சையும் போட்ட பிறகு அளந்து அடுத்ததைப் போட வேண்டும். இந்தக் கயிற்றின் இரு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, அங்கிருந்து 3ஆம் முடிச்சில் ஒருவரும் 7ஆம் முடிச்சில் ஒருவரும் பிடித்து இறுக்கி இழுத்தால் 3, 4, 5 மீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணம் வரும். 3ஆம் முடிச்சு நிற்கும் மூலை சரியான செங்கோணம். இந்த மூலையிலிருந்து தொடங்கினால் கட்டம் கோணலாகாது.

8 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டம் ஆறு போட வேண்டும். மூன்று கட்டங்கள் ஒரு வரிசை; கட்டங்களுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி. அப்படியென்றால் ஒரு வரிசையின் நீளம் 30 மீட்டர் ஆகிறது. இதற்குப் பின்னால் 4 மீட்டர் விட்டு இன்னொரு வரிசை. மொத்த அகலம் 20 மீட்டர். ஒரு வாலிபால் ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். அதைச் சுற்றி விட வேண்டிய குறைந்தபட்ச 3 மீட்டரையும் சேர்த்தால் 24க்கு 15 மீட்டர் இடம் போகிறது, அதில் ஆடுவது 12 பேர். அதைப்போல இரண்டு மடங்குக்கும் குறைவான இடத்தில் நாம் 48 பேரை ஆட வைக்கப் போகிறோம். இடைவெளியை விழுங்கிக் கட்டத்தைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இடைவெளி போய்விட்டால் பக்கத்துக் கட்டத்தில் பின்னோக்கி ஓடுகிறவனின் தலை இந்தக் கட்டத்துப் பிள்ளையின் முகத்தில் மோதும்.

கோடு போடச் சுண்ணாம்பு வாங்கினால் நன்றாக நீற்றுப் போன தூளை மட்டும் வாங்குங்கள். நீறாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும்; நீற்றுப் போன தூளும் கண்ணுக்குக் கெடுதல்தான். வியர்த்த காலிலும் எரியும். கையில் காசில்லாத மாதத்தில் அடுப்புச் சாம்பலோ கோலமாவோ போதும். ஆனால் தினமும் கோடு போட்டுக்கொண்டிருந்தால் பாடவேளை அதிலேயே போய்விடும் என்பதால், நிலையான குறி ஒன்று தேவை. பழைய நைலான் கயிற்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியில் முடிச்சுப் போட்டு, கட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் மண்ணுக்குள் குத்தாகப் புதைத்து, இரண்டு விரற்கடை மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். 24 மூலைகளுக்கு ஒரு மாலை வேலை. காலில் தட்டாது, எவரும் எடுத்துப் போக மாட்டார்கள், மற்ற வகுப்பின் ஆட்டத்துக்கும் இடைஞ்சல் இல்லை. செங்கல்லையும் கல்லையும் மூலைக்கு வைக்காதீர்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணாக இருந்தால் கோடையில் வெடிப்பு விடும். கயிற்றை வெடிப்பில் செருகாமல் கெட்டியான இடத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும், வெடிப்பையும் மண் போட்டு மூடிவிட வேண்டும்.

குழுவை ஒரு மாதத்துக்கு மாற்றாதீர்கள்

ஒவ்வொரு நாளும் அணி பிரித்தால் ஐந்து நிமிடங்கள் போய்விடும். இரண்டு தலைவர்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கடைசியாக நிற்கும் பிள்ளை யார் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். முதல் நாள் எல்லோரையும் 30 மீட்டர் ஓடவிட்டு, வேகத்தின் வரிசையில் பேரை எழுதிக்கொள்ளுங்கள். எட்டு பேர் கொண்ட ஆறு குழுக்கள் வேண்டும். எங்கள் வகுப்பில் 24 பெண்களும் 24 பையன்களும் இருந்ததால் மூன்று குழுக்கள் பெண்களுக்கு, மூன்று பையன்களுக்கு. வேகத்தில் முதல் மூவரை மூன்று குழுக்களுக்கும், அடுத்த மூவரைத் தலைகீழ் வரிசையிலும், அதற்கடுத்த மூவரை மறுபடி நேர் வரிசையிலும் போட்டுக்கொண்டே போனால் குழுக்கள் ஏறத்தாழச் சமமாகிவிடும்.

எண்களைவிடப் பெயர்கள் மனத்தில் நிற்கும். நான் மதுரையைச் சுற்றியுள்ள மலைகளின் பெயர்களை வைத்தேன்: யானைமலை, அழகர்மலை, நாகமலை, பசுமலை, சமணர்மலை, திருப்பரங்குன்றம். "நாகமலை, இரண்டாம் கட்டம்" என்று சொன்னால் எட்டுப் பேரும் அங்கே போய் நிற்பார்கள். மாதம் முடிந்ததும் பழைய குழுக்களைக் கலைத்துப் புதிதாகப் பிரிக்கலாம். அன்றைக்கு ஒருவர் வரவில்லை என்றால் வேறு குழுவிலிருந்து ஆளைப் பிடுங்க வேண்டாம். ஏழு பேரில் ஒருவர் இரு பக்கத்துக்கும் பொது ஆளாக, பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணியோடு ஆடட்டும்.

பந்தை முதல் சுற்றில் பெண்களின் மூன்று குழுக்களுக்கே கொடுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். பையன்கள் முதலில் எடுத்தால் சுற்று மாறும் நேரத்தில் "இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், சார்" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பு பெண்களின் நேரத்திலிருந்துதான் கழியும். இந்தக் கணக்கை நான் பல வகுப்புகளில் பார்த்துவிட்டேன்.

40 நிமிடங்கள் எப்படிப் போகின்றன

முதல் 5 நிமிடங்கள் வகுப்பறையிலிருந்து வருவதற்கும் வருகைக்கும் உடலைச் சூடாக்குவதற்கும். பிள்ளைகள் நேரே தத்தம் கட்டத்துக்குப் போய், எல்லைக் கோட்டைச் சுற்றி மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஓடும்போது குழுத்தலைவர் தன் எட்டுப் பேரை எண்ணிச் சொன்னால் வருகை முடிந்தது. தாவணி, துப்பட்டா போட்டிருக்கும் பெண்கள் அதை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்த 5 நிமிடங்கள் கற்றுக்கொடுப்பது. ஒரே ஒரு திறனைத்தான் எடுக்க வேண்டும். இங்கே நாம் எடுப்பது இரு கைகளால் நெஞ்சிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்து, ஓடிக்கொண்டே வாங்குவது. கூடைப்பந்துக்கு உதவுகிற திறன். ஒரு குழு கட்டத்துக்குள் செய்துகாட்ட, மற்ற ஐந்து குழுக்களும் கோட்டைச் சுற்றி நின்று பார்க்கட்டும். பிள்ளைகள் முதுகில் வெயில் படும்படி நிறுத்துங்கள், உங்கள் முகத்தில் வெயில் பட்டால் பரவாயில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை.

பிறகு 11 நிமிடங்கள் முதல் சுற்று. மாறுவதற்கு 1 நிமிடம். மறுபடி 11 நிமிடங்கள். முன்வரிசை மூன்று கட்டங்களில் பந்து. பின்வரிசை மூன்று கட்டங்களில் பந்து இல்லாத ஆட்டம். மாறும்போது முன்னால் இருக்கும் குழு தனக்கு நேர் பின்னால் இருக்கும் குழுவோடு இடம் மாறிக்கொள்ளும். 4 மீட்டர் நடந்தால் போதும் என்பதால் அந்த ஒரு நிமிடமே அதிகம். பந்து கட்டத்தின் நடுவிலேயே கிடக்கும். அதை யாரும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அடுத்த பாடவேளையில் எல்லாக் குழுக்களும் ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டால், மூன்று பாடவேளைகளில் எல்லோரும் எல்லா ஆட்டத்தையும் ஆடியிருப்பார்கள்.

மிச்சமிருக்கும் 7 நிமிடங்கள் பந்துகளை எண்ணி வாங்க, தண்ணீர் குடிக்க, வகுப்புக்குத் திரும்ப. குழாய் ஒன்றே ஒன்று இருந்தால் இரண்டிரண்டு குழுக்களாக அனுப்புங்கள்.

பந்துக் கட்டத்தில் நடப்பது

ஆட்டத்தின் பெயர் பத்துப் பாஸ். எட்டுப் பேர் நான்கு நான்காகப் பிரிந்து ஒரே கட்டத்துக்குள் ஆடுகிறார்கள். ஒரு அணி பந்தைத் தரையில் விடாமல் பத்து முறை தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் ஒரு புள்ளி. பந்தை வைத்திருப்பவர் ஓடக் கூடாது. எறிபந்தில் உள்ளதுபோல 3 விநாடிகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எதிரணியினர் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. ஒரு கை நீளம் தள்ளி நின்று, காற்றில் போகும் பந்தைத்தான் மறிக்க வேண்டும். பந்து விழுந்தாலோ கோட்டைத் தாண்டினாலோ மறு அணிக்கு. கொடுத்தவரிடமே உடனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் கெட்டிக்கார இருவர் தங்களுக்குள் பந்தை வைத்துக்கொள்வார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 11 நிமிடங்களில் பந்து வெளியே போவதற்கும் வாக்குவாதத்துக்கும் 3 நிமிடங்கள் கழித்தால் மிஞ்சுவது 8 நிமிடங்கள். நான்கு விநாடிகளுக்கு ஒரு பாஸ் என்று வைத்தால் 120 பாஸ்கள். எட்டுப் பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு 15. வாலிபால் மூலையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு 25 நிமிடங்களில் கிடைத்தது 2. பந்தின் எண்ணிக்கை மாறவே இல்லை.

முதல் நாள் பத்து பாஸ் எவருக்கும் வராது, ஐந்தில் தொடங்குங்கள். ஓர் அணி அடிக்கடி புள்ளி எடுக்கத் தொடங்கினால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் எண்ணிக்கையை ஏற்றுங்கள்.

பந்து இல்லாத மூன்று கட்டங்கள்

இதை ஒப்புக்குச் செய்தால் முழு ஏற்பாடும் சரிந்துவிடும், ஏனெனில் பின்வரிசையில் சலித்துப்போன பிள்ளைகள் முன்வரிசைப் பந்தை நோக்கி நகர்ந்து வருவார்கள். பந்துக் கட்டத்தைப் போலவே இங்கும் புள்ளியும் போட்டியும் வேண்டும்.

முதல் கட்டத்தில் தொடு கபடி. கட்டத்தின் நடுவே கோடு. பக்கத்துக்கு நான்கு பேர். பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டருக்கு 8 மீட்டர் என்பதால் நமது அகலம் விதிப்படியே இருக்கிறது, நீளம்தான் குறைவு. கெட்டித் தரையில் பிடித்து விழுத்த விடக் கூடாது. பாடிப் போகிறவர் யாரையாவது தொட்ட பிறகோ, அவருடைய மூச்சு விட்ட பிறகோதான் எதிரணி அவரைத் துரத்தலாம்; நடுக்கோட்டைத் தாண்டும் முன்பு முதுகை இரு கைகளாலும் தொட்டுவிட்டால் பிடித்ததாகக் கணக்கு. "கபடி கபடி" என்ற பாட்டு ஆசிரியருக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாக இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். முணுமுணுக்க விட்டால் நடுவில் மூச்சு எடுத்தார்களா என்பதில் சண்டை வரும்.

இரண்டாம் கட்டத்தில் கோ-கோ. ஐந்து பேர் நடுக்கோட்டில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில், ஒருவர் இந்தப் பக்கமும் அடுத்தவர் அந்தப் பக்கமும் பார்த்துக் குந்தி உட்கார்கிறார்கள். ஒருவர் துரத்துகிறார், இருவர் ஓடுகிறார்கள். துரத்துகிறவர் உட்கார்ந்தவர்களுக்கு நடுவே புகக் கூடாது. ஓடத் தொடங்கிய திசையைக் கோட்டின் நுனியைத் தொடாமல் மாற்றக் கூடாது. முடியாதபோது உட்கார்ந்தவரின் முதுகைத் தொட்டு "கோ" கொடுத்து அங்கே தான் உட்கார வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: கை படும் முன்பே எழுந்துவிடுவது. அதைத் திருத்த வாயால் சொல்லிப் பயனில்லை. அப்படி எழுந்தால் ஓடுகிறவருக்கு ஒரு புள்ளி என்று வைத்துவிட்டால் இரண்டே நாளில் நின்றுவிடும்.

மூன்றாம் கட்டத்தில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல். நால்வர் தாண்ட, அவரவர் இணையர் குதிகால் பட்ட இடத்தைக் குறித்துக் கயிற்றால் அளக்கிறார்கள்; இரண்டு தாண்டலுக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். விழும் பக்கத்து மண்ணை முந்தின நாளே மண்வெட்டியால் கொத்திவிட்டிருக்க வேண்டும். இணையரில் ஒருவர் தன் பழைய தாண்டலைக் கடந்தால் ஒரு புள்ளி. அடுத்தவரைவிட நீளமாகத் தாண்டுவதற்குப் புள்ளி கிடையாது. உயரம் குறைந்த பிள்ளைகள் இந்தக் கட்டத்துக்கு ஓடி வருவது இதனால்தான்.

எங்கே கெடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது

கட்டங்களின் நடுவே நிற்காதீர்கள். பாதிப் பிள்ளைகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். வெளி மூலையில் நின்று, எல்லையை ஒட்டியே நடந்தால் ஆறு கட்டங்களும் கண்ணில் இருக்கும். வெளியிலிருந்து உங்கள் பக்கம் பந்து வந்தால் பார்த்த பிள்ளை "பந்து!" என்று கத்த வேண்டும், எல்லோரும் நிற்க வேண்டும், அதை உருட்டி விட வேண்டும், உதைக்கக் கூடாது. உங்கள் பந்து வெளியே போனால் கடைசியாகத் தொட்டவர் ஒருவர் மட்டுமே போய் எடுக்க வேண்டும். நான்கு பேர் ஓடினால் நான்கு பேரும் 10ஆம் வகுப்பின் ஆட்டத்துக்குள் புகுந்துவிடுவார்கள்.

தொலைவிலிருந்து பார்த்தால் எல்லாக் கட்டமும் சுறுசுறுப்பாகவே தெரியும். அதை நம்பாதீர்கள். உடம்பு சரியில்லை என்று ஆடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நோட்டைக் கொடுத்து, பந்துக் கட்டத்தில் நீங்கள் சொல்லும் ஒருவரின் கையில் 3 நிமிடங்களில் எத்தனை முறை பந்து படுகிறது என்று கோடு போடச் சொல்லுங்கள். நாம் போட்ட கணக்குப்படி 4 வர வேண்டும். 3 வந்தால் சரி. 2க்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தில் யாரோ ஒருவர் ஆட்டத்தைக் கைப்பற்றியிருக்கிறார். பெரும்பாலும் அது பள்ளி அணிப் பையன்தான். குறுவட்டப் போட்டி நெருங்கும் மாதங்களில் இது கூடும். அவனைத் திட்டுவதைவிட, அணியின் நான்கு பேரும் ஒருமுறை தொட்ட பிறகுதான் பாஸ்களை எண்ணத் தொடங்கலாம் என்ற விதியை அந்தக் கட்டத்துக்கு மட்டும் சேர்த்தால் அவனே மற்றவர்களைத் தேடிக் கொடுப்பான். அணிப் பயிற்சியைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் பந்தை அதற்கு எடுக்காதீர்கள்.

எண்ணிக்கை எல்லோருக்குமே குறைவாக வந்தால் காரணம் வேறு. பந்து அடிக்கடி தரையில் விழுகிறது என்று பொருள். அப்போது மறிக்கும் அணியில் இருவரை மட்டும் ஓடவிட்டு, மற்ற இருவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, வெளியே போகும் பந்தைத் தடுத்துத் தரச் சொல்லுங்கள். பந்து நிலைப்பட்டதும் பழையபடி நால்வராக்கலாம்.

பங்குனி, சித்திரை வெயிலில் இந்த ஏற்பாட்டை அப்படியே நடத்த முடியாது. சுற்றை 11லிருந்து 6 நிமிடங்களாகக் குறைத்து, நடுவில் நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குத் தலைசுற்றல், குமட்டல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறிவிட்டு, தலைமையாசிரியருக்கு ஆள் அனுப்புங்கள். பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ 108க்கு அழைக்கத் தயங்கக் கூடாது. நினைவு தெளியாத பிள்ளைக்கு வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது.

பந்து 2 ஆனாலும் 1 ஆனாலும்

ஒரு பந்து போய்விட்டால் நான்கு கட்டங்கள் பந்தில்லாதவை ஆகும். அப்போது சுற்றை மூன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் 7 நிமிடங்கள் கொடுத்தால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுற்று பந்து கிடைக்கும். ஒரே ஒரு பந்துதான் என்றால் இரண்டு குழுக்களுக்கு மட்டும் அன்று பந்து. மூன்று பாடவேளைகளில் ஆறு குழுக்களும் முடியும். யாருக்கு என்றைக்கு என்பதைக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிவிட்டால் "பந்து எப்ப சார்?" என்ற கேள்வி வராது.

துணிப்பந்தை நீங்களே செய்யலாம். பழைய பருத்தித் துணியை இறுக்கிச் சுருட்டி மாதுளம்பழ அளவுக்கு உருட்டிச் சணலால் கட்டுங்கள். சைக்கிள் கடையில் கழித்த ட்யூபை விரல் அகலத்துக்குக் குறுக்கே வெட்டினால் ரப்பர் வளையங்கள் கிடைக்கும். அவற்றைப் பல திசையிலும் மாட்டினால் பந்து அவிழாது. எறிந்து பிடிக்க இது நல்லது. தரையில் எழும்பாது என்பதும் நெரிசலான மைதானத்தில் ஒரு வசதிதான், தூரமாக ஓடாது. மழையில் நனைந்தால் கனத்துக் கல்லாகிவிடும், அன்று எடுக்காதீர்கள்.

இருக்கும் பந்தைக் காப்பதில் இரண்டு விஷயங்கள் போதும். காற்றடிக்கும் ஊசியை உலர்ந்தபடி குத்தினால் வால்வு கிழியும். தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்துக் குத்துங்கள், எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். காற்று மெல்லக் குறையும் பந்தை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடம் தெரியும். அங்கே முள் முறிந்து நிற்கும். குமிழி வால்விலிருந்தே வந்தால் முள்ளைத் தேட வேண்டாம், வால்வை மாற்ற வேண்டும்.

வைக்க அறை இல்லாததால் பந்துகள், கயிறு, பம்பு, ஊசி எல்லாம் ஒரே உரச்சாக்கில் இருக்கட்டும். சாக்கின் வெளியே பெரிதாக 3 என்று எழுதி வையுங்கள். பாடவேளை முடிந்ததும் அன்றைய குழுத்தலைவர் ஒருவர் எல்லோர் முன்பும் எண்ணிப் போட்டுக் கட்டி, தலைமையாசிரியர் அறையின் பீரோவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்குள்ள நோட்டில் நேரமும் எண்ணிக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணிக்கை 2 என்று வந்தால் வகுப்பை அனுப்பாமல் முதலில் சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். அந்த வீட்டு அம்மாவிடம் முதல் வாரமே போய்ப் பேசியிருந்தால், பந்து உங்களுக்காகத் திண்ணையில் எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.